துட்டி வீட்டில் யாருக்கு என்ன வேலை

உயிர் பிரிந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள், அழுகைக்கு நடுவிலேயே சில வேலைகள் முடிந்துவிட வேண்டும். யாராவது ஒரு பெரியவர் இமைகளை மூடிச் சற்று நேரம் விரலால் பிடித்துக்கொள்வார். துணியைக் கிழித்து மோவாயின் அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடுவார்கள், இதுதான் நாடிக்கட்டு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். விறைப்பு முதலில் தெரிவது இமையிலும் தாடையிலும்தான். இறந்த இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் அங்கே தொடங்கி, ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவிவிடும். அதற்குப் பிறகு வாயை மூடவோ காலை நேராக்கவோ முடியாது. பார்க்க வருகிறவர்களுக்குத் தூங்குவது போன்ற முகம் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் இந்த அவசரம்.

பிறகு தெற்கே தலை வைத்துக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, ஒரு படி நிறைய நெல் வைப்பார்கள். தெற்கு முன்னோர்களின் திசை. இல்லறத்தான் பேண வேண்டியவர்களைச் சொல்லும் திருக்குறள், தெய்வத்துக்கும் விருந்துக்கும் முன்னால் தென்புலத்தாரைத்தான் வைக்கிறது. இறந்தவர் அவர்களோடு போய்ச் சேர வேண்டியவர். இனி நடக்கும் சடங்குகள் எல்லாம் அந்தப் பயணத்துக்காகத்தான் என்று சாத்திரம் சொல்லும். ஒரு துட்டி வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒவ்வொரு உறவுக்கும் அங்கே ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். அதை அந்த உறவுக்காரர்தான் செய்ய வேண்டும், வேறொருவர் செய்துவிட முடியாது.

தாமிரபரணிக் கரையில் ஒரு விவசாயக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இறந்தவர் எழுபத்தெட்டு வயதுத் தாய். கணவர் இருக்கிறார். இரண்டு மகன்கள், ஒரு மகள், பேரப்பிள்ளைகள். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் முறை மாறும் என்றாலும், தென் மாவட்டங்களில் இப்படியொரு வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

செய்தி முதலில் போக வேண்டியது அந்த அம்மாவின் பிறந்த வீட்டுக்கு. மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிடலாம். அண்ணன் தம்பி வீட்டுக்கு அப்படிச் சொல்லக் கூடாது. தொலைபேசியிலாவது குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும், பக்கத்து ஊர் என்றால் ஆள் போக வேண்டும். பந்தல் போட்டு, சங்கும் சேகண்டியும் வந்து, பாடையும் தயாரான பிறகும் பெரியவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "பொறந்த வீட்டுக் கோடி வந்துட்டாய்யா?"

கோடி என்பது உடல் மேல் போர்த்தும் புதுச் சேலை. மகள், சம்பந்தி வீடுகள் எல்லாம் கோடி கொண்டு வந்தாலும், பிறந்த வீட்டுக் கோடி வராமல் அந்த அம்மாவை எடுக்க மாட்டார்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டார் வந்து, முகத்தைப் பார்த்து, தங்கள் கையால் சேலை போர்த்தினால், எங்கள் பெண்ணுக்கு இங்கே ஒரு குறையும் வரவில்லை என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சாவில் சந்தேகம் இருந்தால் அதைக் கேட்க வேண்டிய நேரமும் அதுதான். காவல் நிலையமும் பிரேதப் பரிசோதனையும் எட்டாத காலத்தில், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இருந்த கடைசிப் பாதுகாப்பு இந்தச் சேலை.

அதனால் சிக்கலும் இங்கேதான் வெடிக்கும். பூர்வீக வயலில் பங்கு கேட்டதால் அண்ணனும் தங்கையும் பல வருடம் பேசாமல் இருந்திருப்பார்கள். அண்ணன் வர மறுப்பார், அல்லது வந்து தெருமுனையில் நிற்பார். ஊர்ப் பெரியவர் இருவர் போய் அழைத்து வருவார்கள். வந்தவர் முகத்தைப் பார்த்ததும் உடைந்துபோவார். இப்படித் தீர்ந்த பகைகளை எல்லா ஊரிலும் சொல்வார்கள். தீராமல் போனதும் உண்டு. அப்போது பங்காளி முறையில் ஒருவர் அந்த இடத்தில் நின்று கோடி போடுவார். வேலை நடந்துவிடும். மனத்தாங்கல் மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

அடுத்தது நீர்மாலை. மகன்களும் மருமகனும் பங்காளிகளும் ஆற்றுக்கோ கிணற்றுக்கோ போய்த் தலை முழுகி, ஈர வேட்டியோடு செம்பிலும் குடத்திலும் தண்ணீர் எடுத்து வருவார்கள். நான்கு பேர் ஒரு வெள்ளை வேட்டியின் முனைகளைத் தலைக்கு மேல் பிடித்திருக்க, அதன் கீழே நடந்து வருவார்கள். முன்னால் சங்கு ஊதும். அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டுவதற்கான தண்ணீர் அது. விடிய விடிய ஆஸ்பத்திரியிலும் சாவு வீட்டிலும் உட்கார்ந்திருந்த மகன்களை எழுப்பி, நடக்க வைத்து, குளிர்ந்த நீரில் முக்கி எடுப்பதும் இதற்குள் நடந்துவிடுகிறது. காரியம் செய்யப்போகிறவர் யார் என்று தெருவுக்குத் தெரிவதும் இப்போதுதான். இன்று பல ஊர்களில் நீர்மாலை தெருக் குழாயடியோடு முடிந்துவிடுகிறது. ஆறு கூப்பிடு தூரத்தில் இருந்தும் குழாயடிக்குப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நடைக்குத்தான் அதில் பாதிப் பயன்.

சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் குளிப்பாட்டுவார்கள். தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்க மகள், மருமகள், நாத்தனார் என்று ஒவ்வொருவராக வருவார்கள். கூச்சமில்லாமல் கடைசியாகத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் நேரம் இது. வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும் என்று குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததும் உடல் மேல் வியர்த்தது போல நீர் கோத்துக்கொள்ளும். சற்று முன்கூட்டியே எடுத்துத் துடைத்துக் கிடத்தினால் குளிப்பாட்டுகிறவர்கள் பதற மாட்டார்கள். கணவர் இருக்கும்போது போனதால் மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, பூ வைப்பார்கள்.

பேரன் பேத்திகளுக்கு நெய்ப்பந்தம். குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்து ஏற்றிக் கொடுப்பார்கள். பிடித்துக்கொண்டு உடலைச் சுற்றி வருவார்கள். போகிற வழிக்கு வெளிச்சம் என்று சொல்வது வழக்கம். மூன்றாம் தலைமுறையைப் பார்த்துவிட்டுப் போகிறார், இது கல்யாணச் சாவு என்று ஊருக்குச் சொல்வதும் அதுவே. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. பயப்படுகிற குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் ஆச்சி எங்கே போனாள் என்று புரியாமல் வீட்டுக்குள் சுற்றி வரும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை கொடுப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

வாய்க்கரிசி எல்லோருக்குமானது. பச்சரிசியை எடுத்து உதட்டருகே இடுவார்கள், சிலர் காசும் சேர்த்து. வாழ்நாள் முழுக்கப் பிறருக்குச் சோறு போட்டவருக்குத் திருப்பி ஊட்டும் ஒரே வாய் அது. வீட்டில் பெண்கள் இடுவார்கள், சுடுகாட்டில் ஆண்கள் இடுவார்கள். அங்கே சேரும் காசு வெட்டியாருக்கு.

பாடை புறப்பட்டதும் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். வீட்டைக் கழுவிவிட்டுக் குளிப்பார்கள். உடலை முதலில் தொட்டவர்களும், கழுவியவர்களும், ஒப்பாரி வைத்து ஒவ்வொரு உறவையும் பெயர் சொல்லி அழைத்து அழ வைத்தவர்களும் இந்தப் பெண்கள். முடிவை மட்டும் அவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்கு எனக்குத் திருப்தியான காரணம் கிடைத்ததில்லை. நகரங்களில் மகள்கள் தகன மேடை வரை வருகிறார்கள், மகனில்லாத வீடுகளில் கொள்ளியும் வைக்கிறார்கள். வர விரும்பும் மகளைத் தடுக்காமல் இருந்தாலே போதும்.

சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல்லோ சிறு கோயிலோ இருக்கும். பாடையை அங்கே இறக்கி வைப்பார்கள். பெற்ற மகனின் உடலை மனைவி கொண்டு வந்தபோதும் சுடுகாட்டுக் கூலியைக் கேட்ட காவலாளி அரிச்சந்திரன். அவன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது என்பது நம்பிக்கை. வெட்டியார் அங்கே நின்று அவன் கதையைச் சொல்லி, கூலி வாங்கி, வழிவிடுவார். அங்கிருந்து எல்லாம் அவர் சொல்கிறபடிதான். வீட்டிலிருந்து சுடுகாடு வரை நாவிதர், துணி விரிக்கும் வண்ணார், பறை அடிப்பவர், வெட்டியார் ஆகிய நால்வர் இல்லாமல் இந்தச் சடங்கின் எந்தப் படியும் நகராது. அப்படிப்பட்டவர்களை அடுத்த நாள் திண்ணையில் ஏறவிடாமல் வைத்திருந்ததும் இதே ஊர்தான். சுடுகாட்டுக்குப் போகும் பாதையை ஒரு சாராருக்கு மறுக்கும் செய்தி இன்றும் வருகிறது. சடங்கின் அழகைப் பேசுகிற யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைப்பது பல சமூகங்களில் முறை. ஆகவே நம் வீட்டில் இளையவர் மொட்டையடித்து, தண்ணீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் ஏற்றிச் சிதையை மூன்று சுற்று வருகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் நிற்பவர் குடத்தில் கத்தி முனையால் ஒரு துளை போடுவார். தண்ணீர் பீறிட்டு முதுகை நனைக்கும். குடம் உடம்பு, தண்ணீர் உயிர். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. தீயையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்துவிட்டு நடந்துவிட வேண்டும். பந்தம் அறுந்தது என்பதை மகனின் உடம்பே செய்து காட்ட வேண்டியிருக்கிறது. பெற்றவளின் உடலில் தீப்பிடிப்பதை அவன் கண் பார்க்காமல் காப்பாற்றுவதும் இந்த விதிதான்.

வட இந்தியாவில் போலத் திறந்த சிதையாக இல்லாமல், நம் ஊர்களில் பெரும்பாலும் மூட்டம் போடுவார்கள். விறகும் வறட்டியும் அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, குழைத்த மண்ணைப் பூசி மூடி, காற்றுக்குத் துளை விடுவார்கள். சூடு வெளியே போகாமல் உள்ளேயே நின்று இரவு முழுக்க எரியும். விறகும் குறைவாகச் செலவாகும்.

வீடு திரும்பியவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டுக் கலைவார்கள். "போயிட்டு வாரேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சம்பந்தியோ பங்காளியோ சோறு கொண்டு வந்து, சாப்பிட மறுப்பவர்களை உட்கார்த்திச் சாப்பிட வைப்பார்கள். தீட்டு என்று சொல்லி வெளி வேலை, கோயில், விருந்து எல்லாவற்றிலிருந்தும் அந்த வீட்டை விலக்கி வைப்பதைப் பலர் தண்டனையாகப் பார்க்கிறார்கள். அந்த நாட்களில் சமைக்க வேண்டியதில்லை, சிரிக்க வேண்டியதில்லை, எவரையும் உபசரிக்க வேண்டியதில்லை என்ற விடுதலையும் அதில் இருக்கிறது.

மறுநாளோ மூன்றாம் நாளோ காடாற்று. சாம்பல் மேல் பாலும் இளநீரும் தெளித்துச் சூட்டைத் தணித்து, காலில் தொடங்கித் தலை வரை எலும்புகளைப் பொறுக்கிப் புது மண்கலயத்தில் சேர்ப்பார்கள். மிஞ்சிய சாம்பலைக் குவித்து ஆள் உருவம் வரைந்து, படையல் வைத்து, நவதானியம் தூவுவார்கள். உடல் முழுதாக எரிந்ததா என்று நெருங்கிப் பார்க்கும் சோதனையும் இதில் அடக்கம். எரிந்த இடத்தில் விதை விழுந்த பிறகு அது மீண்டும் மண்ணாகிவிடுகிறது.

எரிவாயுத் தகன மேடையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்து, அன்று மாலையே சாம்பல் கைக்கு வந்துவிடும். நேராக ஆற்றுக்குப் போய்க் கரைத்துவிட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கூடுமானால் கலயத்தை வீட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு மறுநாள் கரைக்கலாம். ஒரு இரவு இடைவெளி இருந்தால் முதல் நாள் கட்டையாக நின்ற மகன் மறுநாள் அழுவார். கரைக்கும்போது மண்கலயமும் சாம்பலும் மட்டும் ஆற்றுக்குப் போகட்டும். பாபநாசத்தில் தாமிரபரணிக்குள் காலை வைத்தால் தட்டுப்படுவது, பாவம் போகும் என்று விட்டுவிட்டுப் போன துணிகள். உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொல்வது காரியத்தின் பகுதியே அல்ல.

அதற்குப் பிறகு பதினாறாம் நாள் வரை என்ன நடக்கிறது? உடல் போய்விட்டது, முன்னோர் கூட்டத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அந்த இடைக்காலத்தில் இறந்தவர் பிரேதம் எனப்படுகிறார், பசியும் தாகமும் உள்ளவராக. கருட புராணம் சொல்லும் கணக்கில், பத்து நாள் இடும் பிண்டங்களால் அவருக்கு ஒரு புது உடல் உருவாகிறது. முதல் நாள் தலை, அடுத்து கழுத்தும் தோளும், இப்படியே இறங்கி, பத்தாம் நாள் பசி தாகம். பிராமண வீடுகளில் இதற்காகக் கல் ஊன்றி நாள்தோறும் எள்ளும் தண்ணீரும் விட்டு, பத்தாம் நாளில் கல்லை எடுத்து, பன்னிரண்டாம் நாளில் சபிண்டீகரணம் செய்வார்கள். மற்ற பல சமூகங்களில் எல்லாம் பதினாறாம் நாளில் ஒரே காரியமாக நடக்கிறது.

சபிண்டீகரணத்தின் செயல் மிக எளிது. இறந்தவருக்காக நீளமாக ஒரு சோற்றுப் பிண்டம், முன்னோர் மூன்று தலைமுறைக்கு மூன்று உருண்டைகள். நீளமானதை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு முன்னோர் பிண்டத்தோடு பிசைந்து சேர்ப்பார்கள். பிசைந்த பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அந்தக் கணத்தில் அவர் பிரேதமாக இருப்பது முடிந்து முன்னோர் ஆகிவிடுகிறார். வரிசையில் மூத்த தலைமுறை ஒரு படி நகர்ந்து, பெயர் சொல்லிப் பிண்டம் வாங்கும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளும். ஆதியில் இது ஒரு வருடம் கழித்துச் செய்யப்பட்டது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் அன்றுதான் வெளியே வரும் நாள். கொள்ளி வைத்த மகனுக்குத் தாய்மாமன் புது வேட்டி கொடுத்து, தலையில் உருமால் கட்டுவார். மாமனார் வீட்டாரும் கட்டுவார்கள், மொய்யும் வைப்பார்கள். கோயிலுக்கு அழைத்துப் போய்த் திரும்பினால் தீட்டு கழிந்தது. இனி அந்த வீட்டில் முடிவெடுக்கும் பொறுப்பு யாருக்கு என்பதை அந்தத் தலைப்பாகை காட்டுகிறது. சேலையோடு வந்த அதே பிறந்த வீடுதான் வேட்டியோடும் வருகிறது. அம்மா போன பிறகும் மாமன் உறவு அறுந்துபோகவில்லை என்று பொருள். புலால் உண்ணும் வீடுகளில் கறிச்சோறு போட்டு அன்றோடு விரதத்தை முடிப்பதும் உண்டு.

போனவர் அப்பாவாக இருந்திருந்தால் இந்த நாட்களில் இன்னொன்றும் நடந்திருக்கும். அம்மாவைப் பூவும் பொட்டும் வைத்து உட்கார்த்தி, வளையலை உடைத்து, தாலியை அறுத்திருப்பார்கள். இந்தப் படி என்ன செய்கிறது என்று தேடிப் பார்த்தால், இழந்தவளிடமிருந்து இன்னும் கொஞ்சத்தை எடுப்பதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை. 2022இல் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டம் ஹெர்வாட் ஊராட்சி இத்தகைய சடங்குகளை நிறுத்தத் தீர்மானம் போட்டது; அந்த மாநில அரசு மற்ற ஊர்களையும் பின்பற்றக் கேட்டுக்கொண்டது. நம்மிடம் தீர்மானம் இல்லாமலேயே பல வீடுகளில் நின்றுபோயிருக்கிறது. பெரும்பாலும் மகள் ஒருத்தி எழுந்து நின்று, அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள்.

பதினாறு நாள் விடுப்பு யாருக்கும் கிடைப்பதில்லை. மூன்றாம் நாளிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். தவறில்லை, சாத்திரமே ஒரு வருடத்தைப் பன்னிரண்டு நாளாகச் சுருக்கியிருக்கிறது. ஆனால் மகன் ஊருக்குப் போன பிறகு மூத்தவர் தனியாக இருப்பார். நம் வீட்டில் அது அந்த அம்மாவின் கணவர். கொள்ளியும் அவருக்கில்லை, உருமாலும் அவருக்கில்லை. இத்தனை உறவுக்கும் வேலை கொடுத்த முறை ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவரை மூலையில் உட்கார வைத்துவிட்டது. காரியத்தைச் சுருக்குகிற குடும்பம், பதினாறு நாளும் அவரோடு மாறி மாறி யாராவது தங்க ஏற்பாடு செய்துவிட்டுச் சுருக்கட்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டில் இறந்திருந்தால் தகவல் தர வேண்டியது குடும்பம்தான். காரியம் முடியட்டும் என்று தள்ளினால் மிச்சம் இருப்பது ஐந்து நாள். கெடு தாண்டினால் தாமதக் கட்டணமும் அலைச்சலும் சேரும்.

இன்னொரு குறிப்பை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வருடத் திதி ஆங்கிலத் தேதியில் வராது. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, உயிர் பிரிந்த நேரத்தில் நடந்த திதி ஆகிய மூன்றும் வேண்டும். ஒரு நாளின் நடுவிலேயே திதி மாறிவிடும் என்பதால் மணியையும் குறிக்க வேண்டும். சூரியன் உதிக்கும் முன் போயிருந்தால் அது எந்த நாளில் சேரும் என்பதில் வழக்கம் வேறுபடும். பதினாறாம் நாளை எண்ணும்போது மகன் ஒரு நாளும் மாமன் ஒரு நாளும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து அன்றே முடிவு செய்து, மகளுக்கும் மகன்களுக்கும் ஒரே குறிப்பை அனுப்பிவிட்டால், அடுத்த வருடம் மூன்று வீட்டிலும் ஒரே நாளில் இலை போடலாம்.